‘கார்டுக்கு 2% எக்ஸ்ட்ரா’ அட்டையை மாற்றி எழுதுவது எப்படி?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்கு ஒரு சின்னக் கொலுசுக் கடை. கல்லாவின் கண்ணாடியில் நாலு வருடமாக ஓர் அட்டை ஒட்டியிருந்தது. அப்பா மார்க்கரில் எழுதியது: “கார்டுக்கு 2% எக்ஸ்ட்ரா.”

ஒரு நாள் ஆத்தூரிலிருந்து ஓர் அம்மா வந்தார். மகளுக்கு வளைகாப்பு. முக்கால் மணி நேரம் தட்டு தட்டாகப் பார்த்து, சத்தம் அதிகம் வராத முத்து வைத்த ஒரு ஜோடியை எடுத்தார். பில் 11,330 ரூபாய். கார்டை நீட்டினார். நான் வழக்கம்போல 2% சேர்த்து மெஷினில் 11,557 என்று அடித்தேன். அவர் பில்லையும் பார்த்தார், மெஷினையும் பார்த்தார். “பில்லுல ஒண்ணு இருக்கு, இதுல ஒண்ணு இருக்கே தம்பி?” என்றார். நான் அட்டையைக் காட்டினேன். அது பாதி கால்குலேட்டருக்குப் பின்னால் மறைந்திருந்தது. “முன்னாடியே சொல்லியிருந்தா பணமாவே எடுத்துட்டு வந்திருப்பேன்ல” என்று சொல்லிவிட்டு, கொலுசைத் தட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வாரம் மெஷின் கொடுத்த வங்கியிலிருந்து போன். யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள், டெபிட் கார்டுக்குக் கூடுதலாக வாங்குகிறீர்களாமே என்றார்கள். அதன்பிறகு அந்த அட்டையைக் கழற்றிப் புதிதாக ஒன்று எழுதி மாட்ட எனக்கு மூன்று வாரம் ஆனது. இரண்டு முறை தப்பாக எழுதினேன். நீங்கள் அந்த மூன்று வாரத்தை மூன்று நாளாகச் சுருக்கிக்கொள்ளலாம் என்பதால் இதை எழுதுகிறேன். வெள்ளிக் கடைக் கணக்கை வைத்துத்தான் சொல்கிறேன். பாத்திரக் கடையோ ஜவுளிக் கடையோ வைத்திருப்பவர்கள் எண்களை மாற்றிக்கொண்டால் போதும்.

1. பேனாவை எடுக்குமுன் மூன்று காகிதங்களை எடுங்கள்

முதலாவது, கார்டு மெஷின் வாங்கும்போது வங்கியோடு கையெழுத்திட்ட ஒப்பந்தம். எங்களுடையது பீரோவுக்கு அடியில் கிடந்தது. அதில் வாடிக்கையாளரிடம் கூடுதல் கட்டணம் வாங்குவது பற்றிய பத்தியைத் தேடுங்கள். எங்கள் ஒப்பந்தத்தில் கார்டில் கட்டுபவரிடம் பொருளின் விலைக்கு மேல் எதுவும் வாங்கக் கூடாது என்று தெளிவாகவே இருந்தது. டெபிட், கிரெடிட் என்று பிரிக்கவும் இல்லை. நாலு வருடமாக யாரும் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது, கடைசி மூன்று மாத செட்டில்மெண்ட் ஸ்டேட்மெண்ட். ஒவ்வொரு தேய்ப்புக்கும் எவ்வளவு பிடித்தார்கள் என்பது இதில்தான் தெரியும். எங்கள் ஸ்டேட்மெண்டில் ஒரு வரி இப்படி இருந்தது: கிரெடிட் கார்டில் 8,240 ரூபாய், வங்கிக் கட்டணம் 164 ரூபாய் 80 காசு, அந்தக் கட்டணத்தின்மேல் 18% ஜி.எஸ்.டி. 29 ரூபாய் 66 காசு, கணக்குக்கு வந்தது 8,045 ரூபாய் 54 காசு. அதாவது கட்டணம் 2%, வரியோடு சேர்த்து 2.36%. நீங்கள் முழு ஜி.எஸ்.டி. கட்டுகிற கடையாக இருந்து, வங்கியில் உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்திருந்தால், அந்த 18 சதவீதத்தை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அப்போது உங்கள் உண்மையான செலவு 2% மட்டும். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அந்த வசதி கிடையாது. அவர்கள் 2.36 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, எந்தக் கார்டுக்கு எவ்வளவு என்று வங்கி கொடுத்த கட்டணப் பட்டியல். எங்களிடம் இல்லை. மின்னஞ்சலில் கேட்டேன், பதில் வர ஒன்பது நாள் ஆனது. மொத்த வேலையில் அதிக நாள் தின்றது இதுதான். அதனால் முதல் நாளே கேட்டுவிடுங்கள். போனில் கேட்டால் உடனே சொல்வார்கள், ஆனால் நாளைக்குப் பேச்சு வந்தால் காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது. அதே மின்னஞ்சலில் இன்னொரு கேள்வியையும் சேர்த்துவிடுங்கள்: “கிரெடிட் கார்டு தவிர மற்ற வழிகளில் கட்டுபவர்களுக்கு விலையில் தள்ளுபடி கொடுத்தால் ஒப்பந்தப்படி ஆட்சேபம் உண்டா?” எங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று எழுத்தில் வந்தது. அதைப் பிரதி எடுத்து ஒப்பந்தத்தோடு சேர்த்துப் பின் அடித்து வைத்திருக்கிறேன்.

2. யாரிடம் வாங்கவே கூடாது என்று பிரித்துக்கொள்ளுங்கள்

எங்கள் அட்டையின் பெரிய தப்பு “கார்டு” என்ற ஒற்றைச் சொல்தான். கார்டு எல்லாம் ஒன்றல்ல.

டெபிட் கார்டு, அதாவது நம் ஊரில் ஏ.டி.எம். கார்டு என்று சொல்வது, இதில் கட்டுபவரிடம் வங்கிக் கட்டணத்தைத் தள்ளிவிடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. 2013-லேயே அப்படி வாங்குகிற கடையோடு வங்கி உறவை முறித்துக்கொள்ளலாம் என்கிற அளவுக்குச் சொன்னார்கள். 2017 டிசம்பரில் கட்டண உச்சவரம்பை மாற்றியபோது, வாடிக்கையாளர் தலையில் கட்டக் கூடாது என்று மறுபடியும் சொன்னார்கள். அந்த உச்சவரம்பையும் தெரிந்துகொள்ளுங்கள்: முந்தைய நிதியாண்டு விற்றுமுதல் 20 லட்சம் வரை உள்ள கடைக்கு மெஷினில் தேய்க்கும் டெபிட் கார்டுக்கு அதிகபட்சம் 0.40%, அதற்கு மேற்பட்ட கடைக்கு 0.90%. ரூபே டெபிட் கார்டுக்கும் யூ.பி.ஐ.க்கும் 2020 ஜனவரியிலிருந்து கடைக்காரரிடம் இந்தக் கட்டணமே பிடிப்பதில்லை.

இதைப் படித்த அன்று பழைய ஸ்டேட்மெண்டை வைத்துப் பார்த்தேன். டெபிட் கார்டு நீட்டிய எல்லோரிடமும் நாங்கள் 2% வாங்கியிருக்கிறோம். வங்கி எங்களிடம் எடுத்ததோ 0.90%, அல்லது பூஜ்யம். ஆத்தூர் அம்மா நீட்டியது ரூபே டெபிட் கார்டு. நிறம்கூட நினைவிருக்கிறது. அவர் அந்த 227 ரூபாயைக் கொடுத்திருந்தால் வங்கிக்கு ஒரு பைசா போயிருக்காது. அத்தனையும் எங்கள் கல்லாவுக்குத்தான். அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அத மொதல்ல கிழிச்சுப் போடு” என்றார்.

ஆக, உங்களுக்குப் பெரிதாகச் செலவு வைப்பது கிரெடிட் கார்டு மட்டும்தான். அதற்கு இப்படி உச்சவரம்பு கிடையாது, வங்கி சொல்வதுதான் விலை. கம்பெனி கார்டு, வெளிநாட்டுக் கார்டு என்றால் இன்னும் கூடலாம், பட்டியலில் பாருங்கள். மெஷின் வாடகையை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது கரண்ட் பில் மாதிரி கடைச் செலவு.

யூ.பி.ஐ.யில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. ரூபே கிரெடிட் கார்டை யூ.பி.ஐ. செயலியில் இணைத்து நம் க்யூ.ஆரை ஸ்கேன் செய்பவர்கள் இருக்கிறார்கள். பெரிய தொகையாக இருந்தால் அதற்குக் கட்டணம் பிடிப்பார்கள், கல்லாவில் நிற்கும்போது நமக்குத் தெரியவும் தெரியாது. நான் அதைக் கண்டுகொள்வதில்லை. யூ.பி.ஐ. என்றால் யூ.பி.ஐ.தான். “எந்த அக்கவுண்ட்லேருந்து அனுப்பினீங்க, போனைக் காட்டுங்க” என்று ஒருவரைக் கேட்பதைவிட அந்தக் காசு போவது மேல்.

3. கூட்டுவதை விட்டுவிட்டுக் கழிப்பதற்கு வாருங்கள்

கிரெடிட் கார்டுக்கு மட்டுமாவது கூடுதலாக வாங்கலாமா என்று யோசித்தேன். ஒப்பந்தம் இடம் தரவில்லை. தந்திருந்தாலும் அந்தக் கூடுதல் தொகை பில்லில் ஏற வேண்டும், பொருளின் மதிப்போடு சேர்த்து அதற்கும் ஜி.எஸ்.டி. போட வேண்டும். நாங்கள் நாலு வருடமாகப் பில்லில் காட்டாமல் மெஷினில் மட்டும் சேர்த்து அடித்தது வரிக் கணக்கிலும் தப்பு.

தள்ளுபடி அப்படியில்லை. விற்கும்போதே கொடுத்து, பில்லிலேயே காட்டிய தள்ளுபடியைக் கழித்துவிட்டு மீதிக்கு வரி போட்டால் போதும். எனவே வழி இதுதான்: கிரெடிட் கார்டுக்கான விலையையே கடையின் விலையாக அறிவியுங்கள். மற்றவர்களுக்கு அதிலிருந்து குறையுங்கள்.

இப்போது எதிலிருந்து குறைப்பது என்ற கேள்வி. வெள்ளி விலை தினமும் பலகையில் எழுதுவது, ஊருக்கே தெரிந்தது, அதைத் தொட முடியாது. நம் கையில் இருப்பது செய்கூலிதான். கணக்கு எளிதாக இருக்க வெள்ளி கிராம் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். கொலுசு ஜோடி 100 கிராம்.

பழைய முறையில் செய்கூலி கிராமுக்கு 10 ரூபாய். வெள்ளி 10,000, செய்கூலி 1,000, அதன்மேல் 3% ஜி.எஸ்.டி. 330. ஆக 11,330. கார்டு என்றால் 2% சேர்த்து 11,557.

புது முறையில் செய்கூலி கிராமுக்கு 12 ரூபாய் என்று அறிவித்தேன். வெள்ளி 10,000, செய்கூலி 1,200, ஜி.எஸ்.டி. 336. கிரெடிட் கார்டில் கட்டுபவருக்கு 11,536. ரொக்கம், யூ.பி.ஐ., டெபிட் கார்டு என்றால் செய்கூலியில் கிராமுக்கு 2 ரூபாய் குறைவு. அதாவது 200 ரூபாய் தள்ளுபடி. மிச்சம் 11,000, ஜி.எஸ்.டி. 330, மொத்தம் 11,330.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரொக்கக்காரர் தருவது பழைய 11,330-தான். கிரெடிட் கார்டுக்காரர் முன்பு 11,557 தந்தார், இப்போது 11,536. டெபிட் கார்டுக்காரருக்கு மட்டும் 227 ரூபாய் மிச்சம், அது முதலிலேயே அவருடைய காசு. கடைக்கு வருவதில் பெரிய மாற்றமில்லை. ஆனால் கல்லாவில் நடக்கும் பேச்சு முழுக்க மாறிவிட்டது.

இதில் ஒரு நேர்மை எல்லை இருக்கிறது, அதைத் தாண்டாதீர்கள். தள்ளுபடி உங்கள் உண்மையான கார்டுச் செலவைவிடக் கூடக் கூடாது. 11,536-க்கு வங்கி பிடிப்பது சுமார் 231 ரூபாய். நான் குறைத்தது வரியோடு சேர்த்து 206. அதனால் யார் கேட்டாலும் ஸ்டேட்மெண்டைக் காட்டுவேன். செய்கூலியை 16 என்று ஏற்றிவிட்டு 6 ரூபாய் குறைக்கிறேன் என்று எழுதினால் அது தள்ளுபடி இல்லை, கிரெடிட் கார்டுக்காரருக்குப் போடும் அபராதம். இரண்டு கடை ஏறி இறங்குகிற வாடிக்கையாளர் அதை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

4. வாசகம்: நான் கிழித்துப்போட்ட இரண்டும் நிலைத்த ஒன்றும்

முதலில் எழுதியது இது:

“வங்கிகள் கார்டு பரிவர்த்தனைகளுக்கு எங்களிடம் கட்டணம் வசூலிப்பதால், தவிர்க்க முடியாத காரணத்தால் கார்டு வாடிக்கையாளர்களுக்குத் தள்ளுபடி வழங்க இயலவில்லை. ஒத்துழைப்புக்கு நன்றி.”

என் மனைவி படித்துவிட்டு, “நீங்க வங்கியோட சண்டை போட்டதுக்கு நான் ஏன் ஒத்துழைக்கணும்?” என்றாள். சரிதான். இதில் வாடிக்கையாளர் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு எண்கூட இல்லை. ‘இயலவில்லை’ என்று முடிகிற எந்த அறிவிப்பும் கடைக்காரரின் புலம்பலாகத்தான் காதில் விழும்.

இரண்டாவது: “ரொக்கத்துக்குச் சிறப்புத் தள்ளுபடி!” இது அதைவிட மோசம். நகைக் கடையில் ‘ரொக்கம்னா கம்மி’ என்றால் மக்களுக்கு வேறு ஓர் அர்த்தம் உண்டு. மாட்டிய அன்றே ஒருவர் குரலைத் தாழ்த்தி, “பில்லு இல்லாமலா?” என்று கேட்டார். இன்னொருவர் அதையே காரணமாக வைத்து, “அப்போ ஜி.எஸ்.டி.யும் விட்டுடுங்க” என்று பேரம் பேசினார். சாயங்காலமே கழற்றிவிட்டேன். ரொக்கத் தள்ளுபடி என்று எழுதினால், பில் உண்டு என்பதையும் அதே அளவு எழுத்தில் எழுதியாக வேண்டும்.

இப்போது மாட்டியிருப்பது:

“செய்கூலி கிராமுக்கு 12 ரூபாய். (இன்றைய வெள்ளி விலை பலகையில்.)

ரொக்கம், யூ.பி.ஐ., ஏ.டி.எம். கார்டு என்கிற டெபிட் கார்டு: கிராமுக்கு 2 ரூபாய் குறைத்து, 10 ரூபாய்.

கிரெடிட் கார்டு: 12 ரூபாய்தான். அதற்கு மேல் தனிக் கட்டணம் கிடையாது.

100 கிராம் கொலுசுக்குக் குறைவது: 200 ரூபாய், அதற்கான வரியும் குறையும்.

எப்படிக் கட்டினாலும் பில் உண்டு. தள்ளுபடி பில்லிலேயே இருக்கும்.”

சதவீதம் எங்கேயும் இல்லை என்பதைக் கவனியுங்கள். 2% என்று எழுதினால் எதில் 2% என்ற கேள்வி வரும்: செய்கூலியிலா, மொத்தத்திலா, வரிக்கு முன்னா பின்னா? கொலுசு வாங்க வருகிறவர்கள் கிராமில் யோசித்துக்கொண்டுதான் உள்ளே வருகிறார்கள். அவர்கள் அளவிலேயே சொல்லிவிட்டால் கால்குலேட்டர் வேண்டாம். ஜவுளிக் கடை என்றால் ‘ஆயிரம் ரூபாய்க்கு 20 ரூபாய் குறைவு’ என்று எழுதலாம்.

வங்கிக் கட்டணம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கு வாயால் சொல்லிக்கொள்ளலாம். பத்தில் எட்டுப் பேர் கேட்பதேயில்லை.

5. அச்சுக்குக் கொடுக்குமுன் மூன்று பேரிடம் படிக்கக் கொடுங்கள்

படித்துவிட்டு “புரியுது” என்று சொல்வதை நம்பாதீர்கள். ஒரு கணக்குக் கொடுங்கள். நான் கேட்டது: “50 கிராம் கொலுசு, கூகுள் பேயில் கட்டினால் செய்கூலி எவ்வளவு?”

பக்கத்து டீக்கடைப் பையன் 598 என்றான். 50 கிராமுக்கு 12 வீதம் 600, அதில் 2 ரூபாய் குறைவாம். அப்போது நான் ‘செய்கூலியில் 2 ரூபாய் குறைவு’ என்று மட்டும் எழுதியிருந்தேன். ‘கிராமுக்கு’ என்ற சொல்லும் ‘10 ரூபாய்’ என்ற முடிவும் உதாரண வரியும் அவனால்தான் வந்தன. எங்கள் பட்டறைக்காரர் டெபிட் கார்டு என்றால் எது என்று கேட்டார். அதனால் ஏ.டி.எம். கார்டு என்று சேர்த்தேன். அப்படியும் சிலருக்குத் தங்கள் கையில் இருப்பது எதுவென்று தெரியாது. பெரும்பாலும் கார்டிலேயே டெபிட் என்றோ கிரெடிட் என்றோ அச்சிட்டிருக்கும். வாங்கிப் பார்த்து நீங்களே சொல்லுங்கள்.

6. பில்லும் அறிவிப்பும் ஒரே பேச்சைப் பேச வேண்டும்

பில்லிங் மென்பொருளில் செய்கூலியை 12 என்று மாற்றி, ‘கட்டண முறைத் தள்ளுபடி’ என்று தனி வரி போடச் சொன்னேன். மென்பொருள்காரர் வந்து செய்துகொடுத்ததற்கு 500 ரூபாய் வாங்கினார். சில கடைகளில் ரொக்கம் என்றால் நேராக 10 ரூபாய் என்று அடித்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் வாடிக்கையாளருக்குத் தள்ளுபடி கிடைத்ததே தெரியாது, கிரெடிட் கார்டுக்காரர் பில்லோடு ஒப்பிட்டால் விலையே வேறாகத் தெரியும். கழித்தல் கண்ணில் பட வேண்டும்.

இதனால் ஒரு பழக்கமும் மாற வேண்டியிருக்கிறது: பில் போடுமுன் எதில் கட்டுகிறார்கள் என்று கேட்டுவிட வேண்டும். பில் போட்ட பிறகு மனம் மாறினால் அதை ரத்து செய்துவிட்டு மறுபடி போடுவோம். அந்த இரண்டு நிமிடத்துக்குச் சோம்பல்பட்டு மெஷினில் மட்டும் தொகையை மாற்றி அடித்தால், நான் பட்ட இடத்துக்கே வந்து நிற்பீர்கள்.

பாதி ரொக்கம், பாதி கிரெடிட் கார்டு என்று வருகிறவர்களுக்கு முன்கூட்டியே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் விதி: கிரெடிட் கார்டில் 3,000 ரூபாய்க்குள் தேய்த்தால் முழுத் தள்ளுபடி, அதற்கு மேல் போனால் தள்ளுபடி இல்லை. 3,000-க்கு எங்களுக்கு ஆகும் செலவு 60 ரூபாய்தான். அதற்காக விகிதாசாரக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் பின்னால் நிற்பவர் போய்விடுவார். பொருளைத் திருப்பினால் பில்லில் உள்ள தொகைதான் திரும்பும்.

ரொக்கத்துக்குத் தள்ளுபடி என்றதும் கல்யாண வீட்டார் கட்டுக்கட்டாக எடுத்துவருவார்கள். ஒருவரிடம் ஒரே நாளிலோ ஒரே விற்பனைக்கோ 2 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. பில்லை இரண்டாக உடைத்தாலும் தப்பிக்க முடியாது, வாங்கிய தொகை முழுதும் அபராதமாகலாம். அவர்களை யூ.பி.ஐ.க்கோ வங்கிப் பரிமாற்றத்துக்கோ திருப்பிவிடுங்கள், அதே தள்ளுபடியைக் கொடுங்கள்.

7. எங்கே மாட்டுவது

கல்லாவில் மட்டும் மாட்டினால் வேலைக்காகாது. கல்லாவுக்கு வரும்போது அவர் மனதில் ஒரு தொகையை முடிவு செய்திருப்பார். எங்கள் கடையில் மூன்று இடம்: வாசலில் கதவுக்குப் பக்கத்தில், வெள்ளி விலைப் பலகைக்கு நேர் கீழே, எடை போடும் தராசுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒன்று. தராசுப் பக்கம் இருப்பதுதான் அதிகம் படிக்கப்படுகிறது. எடை நிற்கும் வரை எல்லோரும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வாயால் விலை சொல்லும்போது எப்போதும் பெரிய எண்ணை முதலில் சொல்லுங்கள். “பதினொண்ணாயிரத்து ஐந்நூத்தி முப்பத்தாறு வருதுங்க. ஏ.டி.எம். கார்டோ ஜிபேயோ பணமோன்னா எரநூத்தி ஆறு கொறையும்.” சின்ன எண்ணை முதலில் சொல்லிவிட்டு அப்புறம் ஏற்றினால், அறிவிப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் பழைய சண்டைதான். கடையில் வேலை பார்க்கும் பையனை நான் ஒரு வாரம் பக்கத்தில் நின்று திருத்த வேண்டியிருந்தது, பழக்கதோஷத்தில் “கார்டுன்னா கூட வருங்க” என்றே வாயில் வந்துகொண்டிருந்தது.

8. பாக்கெட் பொருள் விற்பவர்களுக்கு மட்டும்

ஏற்காட்டில் ஏரிப்பக்கம் என் சித்தப்பாவுக்குக் காபித்தூள், மிளகு, தேன் விற்கும் கடை இருக்கிறது. அவரும் இதே போல ‘கார்டு 2%’ என்று ஒட்டியிருந்தார். அவர் நிலைமை என்னுடையதைவிடச் சிக்கல். பாக்கெட்டில் அச்சிட்ட எம்.ஆர்.பி.க்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் சட்டமுறை எடையளவு விதிகளின்படி குற்றம். அது கார்டுக் கட்டணம் என்று சொல்லி நழுவ முடியாது. டூரிஸ்ட் ஒருவர் பாக்கெட்டையும் பில்லையும் போட்டோ எடுத்துக்கொண்டு நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்தால் போதும்.

எம்.ஆர்.பி.யிலிருந்து குறைப்பதற்குத் தடையில்லை. ஆனால் அவருடைய சராசரி பில் 400 ரூபாய், கிரெடிட் கார்டு வந்தாலும் செலவு 8 ரூபாய். அதற்கு ஓர் அறிவிப்பு, ஒரு விளக்கம், ஒரு வாக்குவாதம் தேவையா? அட்டையைக் கழற்றிவிட்டுச் சும்மா இருங்கள் என்றேன். இப்போது அந்த இடத்தில் க்யூ.ஆர். பலகையைப் பெரிதாக மாட்டியிருக்கிறார், கார்டு நீட்டுகிறவர்களே குறைந்துவிட்டார்கள்.

செலவும் நாளும்

வாசலுக்கும் விலைப் பலகைக்கும் சன்போர்டில் இரண்டு, ஒன்று 250 ரூபாய். தராசுக்கு லேமினேட் செய்த ஏ4 தாள் 40 ரூபாய். மென்பொருள் மாற்றத்துக்கு 500. ஆக 1,040 ரூபாய். இதில் கிழித்துப்போட்ட முதல் இரண்டின் அச்சுச் செலவைச் சேர்க்கவில்லை. நீங்கள் முதல் வாரம் வெள்ளைத் தாளில் கையால் எழுதி ஒட்டிப் பாருங்கள், சண்டை வராவிட்டால் அச்சுக்குக் கொடுங்கள். வங்கியின் பதிலுக்கு ஒன்பது நாள் காத்திருந்ததைத் தவிர மற்ற வேலையெல்லாம் மூன்று நாளில் முடியக்கூடியது.

ஒவ்வொரு ஏப்ரலிலும் புது ஸ்டேட்மெண்டை எடுத்து, அந்த 2% இன்னும் 2%-தானா என்று பாருங்கள். போன முறை கேட்டபோது வங்கி எங்களுக்கு 1.8 ஆகக் குறைத்தது. நூறு கிராம் கொலுசுக்கு இப்போது செலவு சுமார் 208 ரூபாய், நான் குறைப்பது 206. இன்னும் கொஞ்சம் குறைந்தால் அறிவிப்பில் 12-ஐயும் 2-ஐயும் மாற்றி எழுத வேண்டும். அதற்காகத்தான் அந்த இரண்டு எண்களை மட்டும் ஸ்டிக்கரில் ஒட்டி வைத்திருக்கிறேன்.